ஆய்வுகூடத்தை விட்டு வெளியேற முன் எழுதும் பக்கம்

"வன்னியில் ஒரு பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில் டெமோவாக இருக்கிறேன். முதலாம் வருடப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டில் பெறுபேறு, கலந்துரையாடல், முடிவு மூன்றும் ஒரே சாம்பாராகக் கிடக்கின்றன. சிவப்புப் பேனையால் திருத்தித் திருத்திக் கொடுத்தும் மாறவில்லை. பிரித்து எழுதப் பழக்குகிற மாதிரி ஒரு படிவம் செய்ய நினைக்கிறேன். எப்படி அமைக்கலாம்?"

உங்களிடம் இப்போது இருக்கிற படிவத்திலும் மூன்று தலைப்புகள் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தலைப்புப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் பிரித்து எழுதிவிடுவார்கள் என்றால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. ரிப்போர்ட் முழுவதையும் ஒரே இருப்பில், ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு விடுதியில் இருந்து எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் கண்டதும், நினைத்ததும், புத்தகத்தில் படித்ததும் தலைக்குள் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே பிரிக்க வேண்டியது எழுதும் நேரத்தையும் தாளையும்.

நான் சொல்லும் படிவம் மூன்று தனித்தனித் தாள்கள். முதல் தாள் பெறுபேறு. அதை ஆய்வுகூடத்திலேயே, பேனையால், கீழே கார்பன் தாள் வைத்து எழுத வேண்டும். நீங்கள் கையொப்பமிட்டு ஒரு பிரதியை எடுத்துவைத்த பிறகுதான் பிள்ளை வெளியே போகலாம். இரண்டாவது தாள் கலந்துரையாடல். அது வீட்டுக்கோ விடுதிக்கோ போகும். மூன்றாவது முடிவு. அது அரைத்தாள் போதும், வேண்டுமென்றே சின்னதாக வெட்டிக் கொடுங்கள். முதல் தாள் கையை விட்டுப் போய்விட்டதால், பிறகு வரும் எந்த யோசனையும் அதற்குள் நுழைய முடியாது. மற்றதெல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டுக்குத் துணையாக வருகிற விஷயங்கள்தான்.

ஒரு பரிசோதனையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நீரின் வன்மை அளத்தல் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமானது, எல்லா ஆய்வுகூடத்திலும் செய்கிறார்கள். அதோடு, பிள்ளைகள் மிக மோசமாகக் கலந்து எழுதும் பரிசோதனையும் அதுதான். காரணம் எளிது. ஓமந்தையிலோ நெடுங்கேணியிலோ கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் வைத்து வளர்ந்த பிள்ளைக்குக் கேத்தலின் அடியில் வெள்ளை படிவது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏன் படிகிறது என்று உயர்தரத்தில் படித்தும் விட்டது. அளவியைத் திறக்க முன்னமே விடை கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை தான் கண்டதை எழுதுவதில்லை, தெரிந்ததைத்தான் எழுதும்.

பரிசோதனை இதுதான். ஒரு குழாய்க்கிணற்று நீரில் 50 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, பி.எச் 10 இல் நிற்கும்படி அமோனியாத் தாங்கற் கரைசல் சேர்த்து, எரியோகுரோம் பிளாக் ரி காட்டி இட்டு, 0.01 மோலர் ஈ.டி.ரி.ஏ கரைசலால் நியமிக்கிறோம். திராட்சைச் சிவப்பு ஊதா வழியாக நீலமாக மாறும். சிவப்புச் சாயல் முற்றாகப் போகும் இடம்தான் முடிவுப்புள்ளி. பிறகு அதே நீரில் 200 மில்லிலீற்றரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிதாளால் வடித்து, கனமானக் குடுவையில் காய்ச்சி வடித்த நீரால் மறுபடியும் 200 க்கு நிரப்பி, அதிலிருந்து 50 எடுத்து இன்னொரு தடவை நியமிக்கிறோம். கணக்கு இப்படி:

```
வன்மை (mg/L, CaCO3 ஆக) = V × 0.01 × 100.09 × 1000 / 50
                        = V × 20.02
```

V என்பது செலவான ஈ.டி.ரி.ஏ, மில்லிலீற்றரில். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்தக் கிணற்றின் அறிக்கையும் அல்ல.

கொதிக்கவைக்க முன் 20.60, 20.55, 20.65. கொதிக்கவைத்த பின் 13.40, 13.50, 14.70. இதை வைத்து ஒரு முதலாம் வருடப் பிள்ளை 'பெறுபேறு' என்ற தலைப்பின் கீழ் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"கொதிக்கவைத்தபோது நீரிலுள்ள கல்சியம் இருகாபனேற்று பிரிகையடைந்து தடித்த வெள்ளை வீழ்படிவாக வெளியேறியதால் வன்மை 412.41 இலிருந்து 269.27 mg/L ஆகக் குறைந்தது. இப்பகுதி சுண்ணக்கல் நிலம் என்பதால் வன்மை அதிகமாக உள்ளது. எனவே இந்நீரைத் தொடர்ந்து பருகுவது சிறுநீரக நோயை ஏற்படுத்தும்."

மூன்று வாக்கியம்தான். மூன்று பகுதிகளும் அதற்குள் இருக்கின்றன, 14.70 மட்டும் எங்கேயும் இல்லை.

இதைப் பிரித்துக் காட்ட நான் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். அந்தக் கேள்வியை முதல் தாளின் தலையிலேயே அச்சிடுங்கள்: "நான் நினைக்கும் காரணம் பிழை என்று நாளைக்குத் தெரியவந்தாலும் இந்த வாக்கியம் சரியாகவே நிற்குமா?" நின்றால் அது பெறுபேறு. நிற்காவிட்டால் கலந்துரையாடல். வன்மை 412 இலிருந்து 269 ஆகக் குறைந்தது என்பது இருகாபனேற்று பற்றி நாங்கள் என்ன நினைத்தாலும் நிற்கும். 'பிரிகையடைந்து வெளியேறியதால்' என்பது நிற்காது. 'காரணங்களை எழுதாதே' என்ற தடையை விட இந்தக் கேள்வி நன்றாக வேலை செய்கிறது. தடை போட்டால் பிள்ளை 'ஆல்' விகுதியை மட்டும் எடுத்துவிட்டு, 'கல்சியம் காபனேற்று வீழ்படிவானது, வன்மை குறைந்தது' என்று எழுதிக் கொண்டுவந்து தரும். காரணம் அங்கேயேதான் இருக்கும், முக்காடு போட்டுக்கொண்டு.

சரி, முதல் தாளுக்கு வருவோம். இடது ஓரத்தில் பெ1, பெ2 என்று வரி எண்களை அச்சிட்டுவிடுங்கள். இந்த எண்கள் இரண்டாவது தாளுக்குத் தேவைப்படும். மேற்சொன்ன பரிசோதனைக்கு வரிகள் இப்படி வரலாம்:

பெ1. மாதிரி எடுத்த இடம், கிணற்றின் வகை, திகதி, நேரம்
பெ2. கொதிக்கவைக்க முன்: அளவியின் தொடக்க வாசிப்பு, இறுதி வாசிப்பு, வித்தியாசம், நிறுத்தியபோது இருந்த நிறம் (எல்லாத் தடவைகளும்)
பெ3. கொதித்தபோதும் வடித்தபோதும் கண்ணால் கண்டது
பெ4. வடித்த நீரின் கனவளவு; 200 க்கு நிரப்பப்பட்டதா
பெ5. கொதிக்கவைத்த பின்: பெ2 இல் உள்ளவை எல்லாம்
பெ6. கணித்த பெறுமானங்கள், எந்த வாசிப்புகளைக் கொண்டு கணித்தது
பெ7. பெ2 முதல் பெ6 வரை காட்டுவதைச் சொல்லும் இரண்டு வாக்கியங்கள்

பெ2 இல் வித்தியாசத்தை மட்டும் கேட்டால் போதாது. தொடக்க, இறுதி வாசிப்புகள் இரண்டும் வேண்டும். வித்தியாசத்தை மட்டும் எழுதும் பிள்ளை அதைத் திருத்தியும் எழுதலாம். 20.60 இல் தொடங்கி 41.15 இல் முடித்தேன் என்று எழுதும்போது அது கொஞ்சம் கடினம். நிறத்துக்கு ஒரு கட்டம் வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஊதாவில் நிறுத்தியவர்களும் நீலத்தில் நிறுத்தியவர்களும் ஒரே மேசையில் இருப்பார்கள். 'ஊதா' என்று நேர்மையாக எழுதிய பிள்ளைக்கு, தன் வாசிப்பு ஏன் பக்கத்து மேசையை விடக் குறைந்தது என்று பிறகு கலந்துரையாட ஒரு பிடி கிடைக்கும்.

பெ3 தான் பிள்ளைகளை அதிகம் காட்டிக்கொடுக்கும் வரி. மேலே உள்ள பத்தியில் 'தடித்த வெள்ளை வீழ்படிவு' என்று இருந்ததல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். லீற்றருக்கு 143 மில்லிகிராம் குறைந்திருந்தால், 200 மில்லிலீற்றரிலிருந்து வெளியே வந்திருக்கக்கூடியது 29 மில்லிகிராம் அளவுதான். அதிலும் ஒரு பங்கு முகவையின் சுவரில் ஒட்டியிருக்கும். வடிதாளில் தெரிவது மெல்லிய தூசிப் படலம் மாதிரி ஒன்று. தடித்த வீழ்படிவு வந்தது அந்த முகவையில் இல்லை, உயர்தரக் குறிப்புக் கொப்பியில். 'நீர் சற்றுக் கலங்கியது, முகவைச் சுவரில் வெண்படலம், அதன் மேல் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் இட்டபோது சிறு குமிழிகள்' என்று எழுதினால் அந்தப் பிள்ளை உண்மையில் பார்த்திருக்கிறது.

இப்போது 14.70. இந்த ஒரு வாசிப்பைச் சுற்றித்தான் பெறுபேறுக்கும் கலந்துரையாடலுக்கும் உள்ள எல்லையை நன்றாகப் படிப்பிக்கலாம். முதல் விதி, அது தாளில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 13.87, அதாவது 278. மூன்றாவதை விட்டால் 13.45, அதாவது 269. இரண்டும் பெறுபேறுதான். எதை எடுத்தேன் என்று பெ6 இல் சொன்னால் போதும். ஏன் விட்டேன் என்பது எங்கே வரும்? அது எப்போது தெரிந்தது என்பதைப் பொறுத்தது. நியமித்துக்கொண்டிருக்கும்போதே 'அளவித் திருகு கூடத் திறந்துவிட்டது, நீலத்தைத் தாண்டிப் போனது' என்று பெ5 இல் எழுதியிருந்தால், அது ஒரு அவதானம். பெறுபேற்றில் இருக்கலாம். ஒன்றும் எழுதாமல், பிறகு எண்களைப் பார்த்து 'தாண்டிப் போயிருக்க வேண்டும்' என்று தோன்றினால், அது ஊகம். அதற்கு இடம் இரண்டாவது தாள். ஒரே வாக்கியம், எழுதிய நேரத்தைக் கொண்டு பக்கம் மாறுகிறது. முதல் தாளை நீங்கள் முன்னமே வாங்கி வைத்திருப்பதால் இங்கே ஏமாற்றவும் முடியாது.

இன்னொரு சிக்கல், கணிப்பு பெறுபேறா இல்லையா என்பது. சில விரிவுரையாளர்கள் கணக்கைக் கலந்துரையாடலில் போடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூத்திரத்தைப் போட்டால் யார் கணித்தாலும் ஒரே விடை வரும், அதில் கருத்து ஒன்றும் இல்லை. ஆனால் தசமங்களைப் பாருங்கள். அளவியில் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். அது எங்கள் சூத்திரத்தில் லீற்றருக்கு 1 மில்லிகிராம். ஒரு துளிக்கே 1 மாறுகிற இடத்தில் 412.41 என்று எழுதுவது கணிப்பான் காட்டியதை நம்பி எழுதுவது. 412 போதும்.

பெ7 ஐ விட்டுவிடாதீர்கள். இந்த வகைப் படிவங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். 'பெறுபேற்றில் விளக்கம் எழுதாதே' என்று ஒரு தடவை கண்டித்தால், அடுத்த கிழமை பிள்ளை வெறும் அட்டவணையை மட்டும் கொண்டுவரும். அட்டவணை பேசாது. 'கொதிக்கவைத்து வடித்தபின் மொத்த வன்மை 412 இலிருந்து 269 mg/L ஆகக் குறைந்தது, வித்தியாசம் 143. கொதிக்கவைக்க முன் மூன்று வாசிப்புகளும் 0.10 மில்லிலீற்றருக்குள் இருந்தன. பின் ஒரு வாசிப்பு 1.20 விலகி நின்றது.' இது பெறுபேறு. இதில் கூடியது, குறைந்தது, விலகியது, மாறவில்லை என்ற சொற்களுக்குத் தடையே இல்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது இரண்டு பக்கமும் அதே தாளில் இருந்தால் சரி.

அதனால்தான் இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ் 614 சொல்லும் 250 mg/L என்ற எல்லையை நான் முதல் தாளில் அனுமதிப்பதில்லை. 269 பெரிதா சிறிதா என்பதற்கு வெளியிலிருந்து ஓர் எண்ணைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் எண்ணுக்கு இரண்டாவது தாள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து, 'அப்படியென்றால் 100.09 உம் வெளியிலிருந்து வந்ததுதானே, சேர்?' என்று கேட்கும். கேட்கட்டும். சூத்திரத்துக்குள் போகும் மாறிலியும், போத்தலில் ஒட்டியிருக்கும் ஈ.டி.ரி.ஏ செறிவும் செய்முறையில் முன்னமே சொல்லப்பட்டவை. அவை அளவுகோலின் பகுதி. 250 அப்படியில்லை, அது ஒரு தீர்ப்புக்கான கோடு. எல்லை இங்கே கொஞ்சம் மனிதர் போட்டதுதான் என்று பிள்ளைக்கு ஒப்புக்கொண்டுவிடலாம்.

இனி இரண்டாவது தாள். இங்கே ஒரே ஒரு கடும் விதி: ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் அது எந்த வரியில் நிற்கிறது என்று அடைப்புக்குள் எழுத வேண்டும். வரி எண் இல்லாத கூற்றுக்குப் புள்ளி இல்லை. இந்த விதியோடு அதே பிள்ளையின் முதல் வாக்கியத்தை எழுதிப் பார்ப்போம்:

"வன்மையின் ஒரு பகுதி கொதிக்கவைத்ததால் நீங்கியது (பெ6). நீர் கலங்கியதும், முகவைச் சுவரில் படிந்த வெண்படலம் அமிலத்துடன் குமிழி விட்டதும் (பெ3), நீங்கியது கல்சியம் காபனேற்றாக இருக்கலாம் என்பதற்கு ஒத்துப்போகின்றன. இதன்படி 143 mg/L தற்காலிக வன்மை எனக் கொள்ளலாம்."

வாக்கியத்தின் தொனி தானாகவே மாறிவிட்டதைப் பார்த்தீர்களா? வரி எண் தேடப் போன பிள்ளைக்குத் தன்னிடம் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பெ3 இல் அமிலம் இட்டுப் பார்க்காத பிள்ளைக்கு 'காபனேற்று' என்ற சொல்லுக்கே வரி கிடைக்காது. அப்போது 'பாடநூலின்படி' என்று எழுத வேண்டும், அது மெலிந்த ஆதாரம் என்பதும் அதற்கே விளங்கும். அடுத்த குழு அமிலக் குப்பியைத் தானே தேடிக்கொண்டு வரும்.

தாளின் நடுவில் ஒரு கட்டம் வையுங்கள்: "இந்த விளக்கம் பிழையாக இருக்க முடியுமா? எதைச் செய்தால் தெரியும்?" எங்கள் உதாரணத்தில் இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. அதே கிணற்று நீரை மெதைல் ஒரேஞ்ச் காட்டியோடு நியம ஐதரோக்குளோரிக் அமிலத்தால் நியமித்து, காரத்தன்மையைக் கல்சியம் காபனேற்றாகக் கணிக்கலாம். இருகாபனேற்று இருந்ததால்தான் 143 நீங்கியது என்றால், காரத்தன்மை குறைந்தது 143 ஆவது இருக்க வேண்டும். 80 தான் வருகிறதென்றால் விளக்கத்தில் எங்கோ ஓட்டை. கூடவே இன்னொன்றும்: கொதிக்கவைப்பது தற்காலிக வன்மை முழுவதையும் எடுப்பதில்லை. கல்சியம் காபனேற்றில் சிறிதளவு கரைந்தே இருக்கும், மகனீசியம் இன்னும் பிடிவாதமாக நிற்கும். ஆகவே 143 என்பது கீழெல்லை. இதைப் பிள்ளையே யோசித்து எழுதினால் நான் தாராளமாகப் புள்ளி போடுவேன்.

வழுக்களைப் பற்றி எழுதும் இடத்தில் 'மனித வழு' என்ற சொற்றொடரை முற்றாகத் தடை செய்யுங்கள். அதற்குப் பதிலாகப் படிவம் கேட்க வேண்டியது மூன்று: என்ன நடந்தது, எந்த வரியில் இருக்கிறது, விடையை எந்தப் பக்கம் தள்ளியது. உதாரணத்துக்கு ஒரு குழு கொதிக்கவைத்த நீரை 200 க்கு நிரப்ப மறந்துவிட்டது என்று வையுங்கள். ஆவியாகிப் போனதால் 175 மில்லிலீற்றர்தான் மிச்சம் (பெ4). கரைந்திருந்ததெல்லாம் அந்த 175 க்குள் நெருங்கியிருப்பதால், 269 ஆக வந்திருக்க வேண்டியது 307 ஆக வரும். அதன்படி தற்காலிக வன்மை 143 க்குப் பதிலாக 105 ஆகத் தெரியும். தவறு நடந்துவிட்டது. ஆனால் பெ4 இல் '175, நிரப்பவில்லை' என்று எழுதியிருப்பதால் கலந்துரையாடலில் திசையும் சொல்லலாம், அளவும் சொல்லலாம். முதல் தாளில் எழுதாமல் விட்டிருந்தால், பக்கத்து மேசையின் 143 ஐப் பார்த்துவிட்டுத் தன் 105 க்கு ஏதோ ஒரு கதை கட்ட வேண்டியதுதான்.

அந்தச் சுண்ணக்கல் வாக்கியத்துக்கும் வரி எண் கேளுங்கள், கிடைக்காது. அது பரிசோதனையில் இருந்து வரவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தண்ணீர் பற்றிக் கேட்டதையும் படித்ததையும் அப்படியே வன்னிக்கு நகர்த்தியது. ஓமந்தை, வவுனியாப் பக்கம் நிலத்தடியில் இருப்பது பழைய பளிங்குருப் பாறை. புவியியலாளர் அதை வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள். சுண்ணக்கல் குடாநாட்டிலும், இந்தப் பக்கத்தில் முருங்கன் போன்ற இடங்களிலும் இருக்கிறது. பளிங்குருப் பாறைப் பகுதியிலும் கனிமங்கள் சிதைவடைந்து கல்சியமும் மகனீசியமும் நீருக்கு வரும், வன்மை கூடவும் செய்யும். ஆனால் அதற்கான ஆதாரம் அளவியில் இல்லை. வெளித் தகவலைக் கொண்டுவர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கலந்துரையாடல் அதற்கும்தான். எங்கிருந்து வந்தது என்று எழுதினால் வரட்டும்.

மூன்றாவது தாளில் பரிசோதனையின் நோக்கத்தை நீங்களே அச்சிட்டுவிடுங்கள்: "தரப்பட்ட நீர் மாதிரியின் மொத்த வன்மையையும், அதில் கொதிக்கவைத்து நீக்கக்கூடிய பங்கையும் துணிதல்." அதன் கீழே மூன்று கோடுகள் மட்டும். புதிய எண் வரக்கூடாது, புதிய காரணம் வரக்கூடாது, நோக்கத்தில் கேட்காத எதற்கும் விடை சொல்லக்கூடாது. நல்ல முடிவு ஒன்று இப்படி இருக்கும்: "அன்று ஓமந்தைக் குழாய்க்கிணறு ஒன்றில் எடுத்த மாதிரியின் மொத்த வன்மை 412 mg/L. கொதிக்கவைத்து வடித்தபின் 269 mg/L. நீங்கிய பங்கு மொத்தத்தில் மூன்றிலொன்றுக்குச் சற்று மேல்." அவ்வளவுதான். வவுனியா மாவட்டத்துக் கிணறுகள் என்று பன்மையில் எழுத ஒரு கிணறும் ஒரு நாளும் போதாது. மாரி மழை பெய்து நிலத்தடி நீர் ஏறிய தை மாதத்திலும், ஆவணிக் கோடையிலும் அதே கிணற்றில் வெவ்வேறு எண் வரலாம்.

சிறுநீரக நோய் வாக்கியத்தில் கொஞ்சம் கவனம் தேவை. பிள்ளை அதை விளையாட்டுக்கு எழுதவில்லை. வவுனியாப் பக்கத்தில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வீடுகளுக்குள் வந்திருக்கும் ஒன்று, சிலருக்குச் சொந்தத்திலேயே நோயாளர் இருப்பார்கள். வன்னீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் நீரிழத்தல் என்று பலவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். இதுதான் காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஈ.டி.ரி.ஏ நியமிப்பு கல்சியத்தையும் மகனீசியத்தையும் சேர்த்து எண்ணுகிறது. புளோரைட்டையே அது பார்க்காது, சிறுநீரகத்தைப் பற்றி அது என்ன சொல்லும்? சிவப்புப் பேனையால் வெட்டிவிடாமல், இரண்டாவது தாளின் அடியில் 'இந்தப் பரிசோதனையால் விடை சொல்ல முடியாத கேள்விகள்' என்று இரண்டு வரி இடம் கொடுங்கள். பிள்ளையின் கேள்வி அங்கே மரியாதையாக இருக்கும், முடிவுத் தாளும் தப்பும்.

புள்ளியிடுவது பற்றிச் சுருக்கமாக. முதல் தாளுக்குப் பாதிப் புள்ளியாவது கொடுங்கள், அதையும் மற்ற இரண்டையும் வாசிக்க முன்பே போட்டுவிடுங்கள். 'சரியான' விடைக்கு அந்தத் தாளில் புள்ளியே வேண்டாம். ஆய்வுகூடம் எதிர்பார்க்கும் எண் எது என்று பிள்ளைகளுக்குக் கடைசி மேசையிலிருந்து வந்து சேர்ந்துவிடும். அதற்குப் புள்ளி இருக்கும்வரை 14.70 கள் காணாமல்தான் போகும். எல்லா வாசிப்பும் .00 இல் முடிகிறதா, மூன்று குழுக்களுக்கு ஒரே தொடக்க வாசிப்பா என்று மட்டும் கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிவத்துக்குச் சிரமங்களும் உண்டு. கடைசி இருபது நிமிடத்தை எழுதுவதற்கு ஒதுக்க வேண்டும். மூன்று தடவை நியமிப்பதும் கொதிக்கவைப்பதும் ஒரே பிற்பகலுக்குள் அடங்காவிட்டால், நீரை முன்கூட்டியே கொதிக்கவைத்து வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் பெ3 செத்துப்போகும். அதைவிட இரண்டு தடவை நியமிக்கவிடுவது மேல். அப்புறம், பண்பறி பகுப்பு மாதிரியான பரிசோதனைகளில் பிள்ளைகளுக்கு உயர்தரத்தில் பழகிய அவதானம், அனுமானம் என்ற இரண்டு நிரல் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஒவ்வொரு அவதானமும் அடுத்த படியைத் தீர்மானிப்பதால் மூன்று தாளாகப் பிரிப்பது வேலைக்கு ஆகாது. அந்த அட்டவணையையே வைத்துக்கொண்டு, இடது நிரலைப் பேனையாலும் வலது நிரலைப் பென்சிலாலும் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாம், நான்காம் வருடத்தில் ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கும்போது 'பெறுபேறும் கலந்துரையாடலும்' என்று ஒரே தலைப்பில் எழுதியிருப்பதைக் கொண்டுவந்து உங்கள் முன் நீட்டுவார்கள். பல சஞ்சிகைகள் அப்படித்தான் வெளியிடுகின்றன. அப்போது அந்தக் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, எந்த வாக்கியம் எந்தத் தாளுக்குரியது என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நன்றாக எழுதப்பட்ட பத்தியென்றால் சுலபமாகக் குறித்துவிடுவார்கள். குறிக்க முடியாத வாக்கியம் ஒன்றிரண்டு வந்தால், அதை வைத்தே அன்றைய வகுப்பை நடத்தலாம்.